அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன்

(திருவொற்றியூரில் நடந்த குழுப் பொறுப்பாளர்கள் பயிற்சிக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு சின்னதுதான். இதுவரைக்கும் நம்மளப் பார்க்காத, நம்ம குழுவைப் பத்திக் கேள்விப்படாத ஒருத்தருக்கு முக்கியமான இமெயில் அனுப்பறோம். அனுப்பும் முன்னாடி எதையெல்லாம் சரிபார்க்கணும்? அதைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன்.

நம்ம வங்கி மேலாளருக்கு நம்மளத் தெரியும். கடிதத்துல ஒரு எழுத்து தப்பாக இருந்தால் போன் போட்டு, "என்னம்மா, இப்படி எழுதியிருக்கீங்க?" என்று கேட்பார். ஆனால் மணலியில ஒரு கம்பெனியோட கொள்முதல் பிரிவு, ராயபுரம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ், இவங்களுக்கெல்லாம் நாம யாரு? அந்த இமெயில்ல இருக்கிற பத்து வரிதான் நாம. அதுல சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க மாட்டாங்க. அடுத்த கொட்டேஷனைப் பார்க்கப் போயிடுவாங்க. நமக்குக் காரணமும் தெரியாது. பதில் வரலையே என்று காத்துக்கிட்டு இருப்போம்.

சரிபார்ப்பது என்றதும் எல்லோரும் எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என்று நினைக்கிறோம். அது ஒரு பகுதிதான். ஒரு மாதிரிக் கடிதத்தை வாசிக்கிறேன், கேளுங்க. எண்ணூரில் துணிப்பை தைக்கிற ஒரு குழு, ஒரு கம்பெனியின் விழாவுக்குப் பை தைத்துக் கொடுக்கக் கேட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

"பொருள்: பை விஷயமாக. வணக்கம் சார். நேற்று போனில் பேசியபடி 500 துணிப்பைக்கு விலை அனுப்புகிறோம். பை ஒன்று 38 ரூபாய். மொத்தம் 19,000 ரூபாய். பிரிண்டிங் பைக்கு 4 ரூபாய் தனி. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுவோம். பாதிப் பணம் முன்பணமாகத் தரவும். மாதிரிப் பையின் படம் இணைத்துள்ளோம். நன்றி. இப்படிக்கு, குழுவினர்."

இதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் எந்தச் சொல்லுக்குக் கீழேயும் சிவப்புக் கோடு போடாது. ஆனால் இதைப் படிக்கிற ஆள் ஆர்டர் கொடுக்க முடியாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெயர்

"குழுவினர்" என்று கையெழுத்துப் போட்டால் எந்தக் குழு? நம்ம பெயரை முழுசாக எழுதணும். இங்கேதான் ஒரு சிக்கல் வருது. தமிழில் நம்ம பெயர் ஒன்றுதான். இங்கிலீஷில் எழுதும்போது மூணு நாலு விதமாக ஆகிடுது. மகளிர் என்ற சொல்லையே `Mahalir` என்றும் `Magalir` என்றும் எழுதுறாங்க. வங்கி பாஸ்புக்கில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, லெட்டர்ஹெட்டில் ஒரு மாதிரி இருக்கும். நமக்கு மூணும் ஒன்றுதான். புதுசாகப் பார்க்கிறவருக்கு அது மூணு குழு.

பெயரில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்தாங்க. அந்த வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த பணத்தை அங்கே அனுப்பு, இங்கே அனுப்பு என்று வங்கி அனுப்புகிற மாதிரியே உத்தரவு அனுப்பினாங்க. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போயிடுச்சு. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் இருக்கிற ஒரு ஃபவுண்டேஷனின் கணக்குக்குப் போக வேண்டியது. அந்த உத்தரவில் `Foundation` என்பதற்குப் பதிலாக `Fandation` என்று இருந்ததாகச் செய்தி வந்தது. வழியில் இருந்த டாயிச் பேங்க் அதைப் பார்த்து, இது என்ன என்று விளக்கம் கேட்டது. பணம் நின்றது. திருட்டும் வெளியே வந்தது.

அங்கே அந்தப் பிழை நல்லதுதான் செய்தது. ஆனால் நாம எடுத்துக்க வேண்டிய விஷயம் வேற. பணம், ஆர்டர் சம்பந்தமாக வேலை பார்க்கிறவங்க பெயர் பொருந்துதா என்று பார்க்கப் பழகினவங்க. பொருந்தலைன்னா அவங்க மனசுல முதலில் வருவது "பாவம், தெரியாம எழுதிட்டாங்க" என்பது இல்லை, "இது யாரோ ஏமாத்துறாங்களோ" என்பதுதான். நேர்மையான குழுவுக்கும் அதே சந்தேகம்தான் வரும்.

வங்கியிலும் இப்போ இது கூடியிருக்கு. நெஃப்ட் மூலமாகப் பணம் போடும்போது, பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் சேரும், பெயரைப் பார்த்து இல்லை. நீண்ட நாளாக அப்படித்தான். 2025 ஏப்ரலில் இருந்து, பணம் அனுப்புகிறவர் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் போட்டதும், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்கும் வசதியை வங்கிகள் தரணும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ஆக, கம்பெனிக்காரர் திரையில் பார்க்கிற பெயரும் நம்ம இமெயிலில் இருக்கிற பெயரும் வேற வேறயாக இருந்தால், அவர் கை அங்கேயே நின்னுடும்.

அதனால் ஒரு வேலை செய்யுங்க. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் குழுவின் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கோ, இடைவெளி உட்பட அப்படியே ஒரு அட்டையில் எழுதி, தீர்மானப் புத்தகத்தின் உள் அட்டையில் ஒட்டி வையுங்க. எந்த இமெயில் எழுதினாலும் அதைப் பார்த்துத்தான் எழுதணும். ஞாபகத்தில் இருந்து எழுதக் கூடாது. பான் கார்டில் வேற மாதிரி இருந்தால், அதைத் திருத்தும் வரைக்கும் இமெயிலிலேயே ஒரு வரி சொல்லிடுங்க: "பான் கார்டில் எங்கள் பெயர் இவ்வாறு உள்ளது, இரண்டும் ஒரே குழு." நாமே சொன்னால் அது விளக்கம். அவங்க கண்டுபிடிச்சால் அது சந்தேகம்.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். திருவொற்றியூரை `Tiruvottiyur`, `Thiruvottiyur`, `Tiruvottriyur`, `Thiruvotriyur` என்று எத்தனை விதமாகப் பார்க்கிறோம்! 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்பை ஒட்டின இங்கிலீஷ் எழுத்தை அறிவித்தது. எழுத்துகளைப் பத்தி நிறைய பேச்சு கிளம்பினதால் சில நாளிலேயே அதைத் திரும்பவும் வாங்கிக்கிட்டது. அரசுக்கே அவ்வளவு கஷ்டமான விஷயம். நாம செய்யக்கூடியது, நம்ம பதிவுப் பத்திரத்தில் உள்ள எழுத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவது, பின்கோடு கண்டிப்பாகப் போடுவது. ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. எழுத்து கொஞ்சம் மாறினாலும் பின்கோடு சரியான இடத்தைக் காட்டிடும்.

இது நம்ம பெயர். அடுத்தது அவங்க பெயர். ஒருத்தர் பெயரைத் தப்பாக எழுதினால், மீதிக் கடிதத்தை அவர் எந்த மனசோட படிப்பார்? கம்பெனிப் பெயரையும் நாம வாயால் சொல்கிற மாதிரி எழுதக் கூடாது. எண்ணூர் துறைமுகம் என்றுதான் நாம இன்னும் சொல்றோம். அந்த நிறுவனத்துக்கு 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வச்சாச்சு. மணலியில் இருக்கிற மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 2000-ல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆயிடுச்சு. சரி, எல்லா மெட்ராஸும் சென்னை ஆயிடுச்சு போல என்று நினைச்சால் அதுவும் தப்பு. அதே மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் இன்னும் மெட்ராஸ் என்றுதான் இருக்கு. நம்ம யோசனைப்படி திருத்தக் கூடாது. அவங்க வெப்சைட்டில், அவங்க அனுப்பின கடிதத்தில், கொடுத்த விசிட்டிங் கார்டில் எப்படி இருக்கோ அப்படியே எழுதணும்.

போனில் பேசினது ஒருத்தராக இருக்கும், இமெயிலைப் படிப்பது இன்னொருத்தராக இருக்கும். படிப்பது பெண் அதிகாரியாகவும் இருக்கலாம். தெரியாத இடத்தில் "சார்" என்று மட்டும் போடாமல், பெயர் தெரிந்தால் பெயர், இல்லைன்னா "ஐயா / அம்மா" என்று போடுங்க. "பேசியபடி" என்று எழுதினால், எந்தத் தேதியில், எந்தப் பிரிவில் உள்ளவரோடு என்று சேர்த்து எழுதுங்க. படிக்கிறவர் பக்கத்து மேஜைக்குப் போய்க் கேட்டு உறுதி பண்ணிக்க அது போதும்.

இரண்டாவது எண்ணும் தேதியும்

மாதிரிக் கடிதத்தில் மொத்தம் 19,000 என்று இருக்கு. 500 பை, ஒன்று 38 ரூபாய் என்றால் 19,000 சரிதான். ஆனால் அடுத்த வரியில் பிரிண்டிங் 4 ரூபாய் தனி. அப்படின்னா பை ஒன்று 42 ரூபாய், மொத்தம் 21,000. இப்போ "பாதிப் பணம்" என்றால் 9,500-ஆ, 10,500-ஆ? படிக்கிறவர் 19,000-ஐத்தான் பிடிச்சுக்குவார். பை தைத்துக் கொடுத்த பிறகு 2,000 ரூபாய்க்கு வாக்குவாதம் வரும். நம்ம பில் பொய் மாதிரித் தெரியும்.

அதனால் தொகை எழுதும்போது காசோலை எழுதுகிற மாதிரி எழுதுங்க. எண்ணாலும் எழுத்தாலும். எதையெல்லாம் சேர்த்து அந்தத் தொகை, எதைச் சேர்க்காமல் என்பதை அதே வரியில் சொல்லுங்க. கொண்டு வந்து கொடுக்கும் ஆட்டோ வாடகை சேர்ந்ததா? குழு ஜிஎஸ்டி பதிவில் இல்லைன்னா, இந்த விலையில் ஜிஎஸ்டி இல்லை என்று சொல்லியாச்சா?

பிறகு பெருக்கலைத் திரும்பவும் போட்டுப் பார்க்கணும். கொட்டேஷனில் ஒரு தொகையும் இமெயிலில் ஒரு தொகையும் வந்தால், கணக்கு எழுதுகிறவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சூட்சுமம் இருக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்க. மீதி வராமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 21,000-ஐ 12,000 என்று அடிச்சால் வித்தியாசம் 9,000. 540-ஐ 450 என்று அடிச்சால் வித்தியாசம் 90. வகுபட்டால் நிச்சயம் அதுதான் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் எங்கே தேடணும் என்று தெரியும்.

கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு இதையெல்லாம் ஒருத்தர் மட்டும் சரிபார்க்கக் கூடாது. இரண்டு பேர் உட்காரணும். ஒருத்தர் கையில் பாஸ்புக், இன்னொருத்தர் எதிரில் திரை. பாஸ்புக் வச்சிருக்கிறவர்தான் சத்தமாகப் படிக்கணும், நாலு நாலு எண்ணாக நிறுத்தி. திரையைப் பார்க்கிறவர் விரலை வச்சுத் தொடரணும். இதைத் திருப்பிச் செய்யக் கூடாது. திரையில் உள்ளதைப் படிச்சால், பாஸ்புக் வச்சிருக்கிறவங்க "ம், ம்" என்று தலையாட்டிட்டே போவாங்க. முடிஞ்சதும் ஒரு தடவை கடைசி எண்ணில் இருந்து பின்னோக்கிப் படிங்க. பழகின ஓட்டம் உடைஞ்சிடும், தப்பு கண்ணில் படும்.

ஐஎஃப்எஸ்சி கோடில் மொத்தம் 11 இடம். முதல் நாலு வங்கியைக் குறிக்கிற எழுத்து, ஐந்தாவது எப்பவும் பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். இந்தியன் வங்கி என்றால் `IDIB0` என்று ஆரம்பிக்கும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்றால் `IOBA0`. நம்மில் நிறைய பேர் அந்தப் பூஜ்யத்தை `O` என்ற எழுத்தாக அடிச்சிடுறோம். பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும், வங்கி ஏற்காது. ஐந்தாவது இடத்தில் விரலை வச்சு, இது எண்ணா எழுத்தா என்று கேட்டுக்கணும்.

இன்னொன்று, முதல் இமெயிலிலேயே கணக்கு விவரம் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆர்டர் உறுதியானதும் அனுப்பறோம் என்று எழுதினால் போதும். அனுப்பின பிறகு, சரியாக வந்திருக்கா என்று போனில் ஒரு தடவை கடைசி நாலு எண்ணைச் சொல்லி உறுதி பண்ணிக்கணும்.

தேதி. "அடுத்த வெள்ளிக்கிழமை" என்பது செவ்வாய்க்கிழமை எழுதினவருக்கு ஒன்று, திங்கட்கிழமை லீவு முடிஞ்சு வந்து படிக்கிறவருக்கு இன்னொன்று. தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்க: 2026 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. காலண்டரை எடுத்து இரண்டும் பொருந்துதா என்று பாருங்க. இரண்டும் எழுதுவதில் ஒரு லாபம், ஒன்று தப்பானால் இன்னொன்று காட்டிக் கொடுக்கும். மாதத்தை எண்ணில் எழுதாதீங்க. 5/6 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறையில் மே 6. துறைமுகப் பகுதியில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆபீஸும் இருக்கிறதால் இது நமக்கு ரொம்பப் பொருந்தும்.

மூன்றாவது இணைப்பு

"படம் இணைத்துள்ளோம்" என்று எழுதிட்டு, இணைக்காமலே அனுப்புவதுதான் அதிகமாக நடப்பது. இதுக்கு ஒரே மருந்து, இணைப்பை முதலில் சேர்த்துட்டுத்தான் கடிதத்தையே எழுத ஆரம்பிக்கணும்.

சேர்த்தது மட்டும் போதாது. சேர்த்த பிறகு, இமெயிலுக்குள்ளே இருந்தே அதைத் திறந்து பார்க்கணும். மூணு விஷயம் பாருங்க. ஒன்று, இது இந்தக் கம்பெனிக்கான கொட்டேஷன்தானா? போன தடவை வேற கம்பெனிக்கு அனுப்பினதை மாத்தி எழுதும்போது, மேலே பழைய கம்பெனிப் பெயர் அப்படியே நின்றிருக்கும். புது ஆளுக்கு அது எவ்வளவு சங்கடம்! இன்னொரு இடத்துக்குக் கொடுத்த விலையும் தெரிஞ்சுடும். இரண்டு, படம் நேராக, எழுத்து தெளிவாகத் தெரியுதா? மொபைலில் எடுத்த சான்றிதழ் படம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டு எண் போயிருக்கும். மூணு, தேவைக்கு மேலே ஏதாவது போகுதா? பாஸ்புக்கில் முதல் பக்கம் மட்டும் போதும், வரவு செலவுப் பக்கம் வேண்டாம். உறுப்பினர்களின் ஆதார் நகல், கடன் பட்டியல் இதெல்லாம் துணிப்பை ஆர்டருக்கு எதற்கு? கேட்காததை அனுப்பக் கூடாது. அது நம்மை நம்பிக் கொடுத்தவங்க விவரம்.

இணைப்பின் பெயரையும் மாத்துங்க. `IMG_20260302.jpg` என்று இருந்தால் அவங்க கம்ப்யூட்டரில் நூறு படத்தோடு கலந்து போயிடும். குழுப் பெயர், பொருள், மாதம் இந்த மூணும் பெயரிலேயே இருக்கட்டும். ஜிமெயிலில் 25 எம்பி வரைக்கும்தான் நேராக இணைக்க முடியும். அதற்கு மேலே போனால் டிரைவ் லிங்காக மாறிடும். லிங்காகப் போனால், அவங்களுக்குத் திறக்க அனுமதி கொடுத்திருக்கோமா என்று பார்க்கணும். இல்லைன்னா அவங்க "அனுமதி கேள்" என்ற பட்டனைப் பார்த்துட்டு மூடிடுவாங்க. இரண்டு மூணு படம்தான் என்றால் அளவைக் குறைச்சு நேராக இணைப்பதே நல்லது.

கடைசியாக முகவரி

கவனிங்க, கடிதத்தில் மேலே இருப்பது முகவரி. ஆனால் நாம நிரப்ப வேண்டியது கடைசியில். காரணம் சுலபம். முகவரிக் கட்டம் காலியாக இருக்கும் வரைக்கும், கை தவறி பட்டன் மேலே பட்டாலும் கடிதம் போகாது. எல்லாம் படிச்சு முடிச்ச பிறகு முகவரியைப் போடுங்க.

இரண்டு எழுத்து அடிச்சதுமே பழைய முகவரிகளை அதுவே காட்டும். அவசரத்தில் வேற ஆளைத் தொட்டுடுவோம். புது முகவரி என்றால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கணும். புள்ளி இருக்கா, நடுவில் கோடா அடிக்கோடா, கடைசியில் `.com`-ஆ `.in`-ஆ `.co.in`-ஆ? இந்தக் கடைசிப் பகுதி ரொம்ப முக்கியம். அமெரிக்க ராணுவத்தின் இமெயில் முகவரி `.mil` என்று முடியும். ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாட்டின் முகவரி `.ml`. ஒரு `i` விட்டுப் போனதால், ராணுவத்துக்கு எழுதின ஏராளமான இமெயில் பல வருஷமாக மாலி நாட்டு முகவரிக்குப் போனது 2023-ல் செய்தியாக வந்தது. தப்பான முகவரிக்குப் போனது எப்பவும் திரும்பி வரும் என்று நம்ப முடியாது. அந்த முகவரியில் யாராவது இருந்தால் அவங்க படிப்பாங்க.

அடுத்து, கடிதத்தின் அடிப்பகுதி. பழைய இமெயிலை ஃபார்வர்டு பண்ணி எழுதினால், நமக்குள்ளே பேசினது எல்லாம் கீழே தொங்கும். "38 சொல்லலாம், பேரம் பேசினால் 34 வரைக்கும் இறங்கலாம்" என்று நாம பேசிக்கிட்டது அதில் இருந்தால்? புது ஆளுக்கு எழுதும்போது ஃபார்வர்டு வேண்டாம், புதுக் கடிதமே திறங்க. ஃபார்வர்டு பண்ணியே ஆகணும் என்றால், கடைசி வரி வரைக்கும் இழுத்துப் பார்த்துட்டு அனுப்புங்க.

அனுப்பின பிறகும் ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு. கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸில் `Undo Send` என்று ஒன்று இருக்கும். அதில் 5, 10, 20, 30 விநாடி என்று இருக்கும். 30-ஐத் தேர்ந்தெடுத்து வையுங்க. அனுப்பினதும் கீழே `Undo` என்று தெரியும், அந்த அரை நிமிஷத்துக்குள் நிறுத்திடலாம். அதற்குப் பிறகு ஜிமெயிலில் திருப்பி வாங்க வழி இல்லை. அதனால் அனுப்பினதும் எழுந்து போயிடாமல், அரை நிமிஷம் திரையைப் பாருங்க.

யார் படிக்கணும்?

எழுதினவரே சரிபார்த்தால் பாதி தப்பு கண்ணில் படாது. அவர் திரையில் இருப்பதைப் படிக்கிறதில்லை, தன் மனசில் இருப்பதைப் படிக்கிறார். "பிரிண்டிங் தனி" என்பது அவருக்குத் தெரியும், அதனால் 19,000 தப்பாகத் தெரியாது. ஆர்டர் விவரம் தெரியாத ஒரு உறுப்பினரைக் கூப்பிட்டு, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. இங்கிலீஷ் தெரியாதவங்க என்றால் நாம தமிழில் சொல்லிக் காட்டலாம். படிச்சு முடிச்சதும் திரையை மறைச்சுட்டு நாலு கேள்வி கேளுங்க: யார் எழுதியிருக்காங்க? என்ன கேட்கிறாங்க? மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதி? பதில் யாருக்கு, எந்த நம்பருக்குச் சொல்லணும்? நாலுக்கும் அவங்க பதில் சொன்னால் கம்பெனிக்காரருக்கும் புரியும். ஒன்றில் தடுமாறினால் அவங்க மேலே தப்பு இல்லை, கடிதத்தில் அந்த வரி சரியில்லை.

இப்போ அதே கடிதத்தைத் திருத்திப் படிக்கிறேன்.

"பொருள்: 500 துணிப்பை – விலைப்புள்ளி – 2026 மார்ச் 13-க்குள் தர. மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, மார்ச் 2 அன்று தங்கள் கொள்முதல் பிரிவில் போனில் பேசியபடி விலைப்புள்ளி அனுப்புகிறோம். பை ஒன்று, ஒரு நிற பிரிண்டிங் சேர்த்து 42 ரூபாய். 500 பைக்கு மொத்தம் ரூ. 21,000 (ரூபாய் இருபத்தோராயிரம்). தங்கள் அலுவலகத்தில் கொண்டு வந்து தரும் செலவு இதில் அடக்கம். குழு ஜிஎஸ்டி பதிவில் இல்லாததால் ஜிஎஸ்டி கிடையாது. முன்பணம் ரூ. 10,500 மார்ச் 5, வியாழக்கிழமைக்குள் கிடைத்தால், 2026 மார்ச் 13, வெள்ளிக்கிழமை பைகளை ஒப்படைப்போம். ஆர்டர் உறுதியானதும் வங்கி விவரம் அனுப்புகிறோம். மாதிரிப் பையின் படம் ஒன்றும், விலைப்புள்ளியும், ஆக இரண்டு இணைப்புகள் உள்ளன." பிறகு எழுதினவர் பெயர், பொறுப்பு, பாஸ்புக்கில் உள்ளபடி குழுவின் முழுப் பெயர், பின்கோடுடன் முகவரி, போன் நம்பர்.

"இரண்டு இணைப்புகள்" என்று எண்ணைச் சொல்லியிருக்கிறதைப் பாருங்க. ஒன்றுதான் வந்திருந்தால் அவங்களே கேட்பாங்க. பொருள் வரியைப் பாருங்க. ஒரு நாளைக்கு நூறு இமெயில் பார்க்கிறவருக்கு, திறக்காமலே இது என்ன, எப்போதைக்கு என்று தெரியுது. கடிதம் கொஞ்சம் நீளமாச்சு. ஆனால் படிக்கிறவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை.

சொன்னதைச் சுருக்கி ஒரு பட்டியலாகக் கொடுத்திருக்கோம். வெட்டி எடுத்து, கம்ப்யூட்டர் பக்கத்திலோ தீர்மானப் புத்தகத்திலோ ஒட்டிக்கோங்க. இந்த வரிசையிலேயே பாருங்க, முகவரி கடைசி.



அனுப்பும் முன் பார்க்க

1. நம் குழுவின் பெயர் பாஸ்புக்கில் உள்ள அதே எழுத்தில் இருக்கிறதா? பின்கோடு இருக்கிறதா?
2. அவர்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அவர்களே எழுதுகிறபடி இருக்கிறதா?
3. பெருக்கலைத் திரும்பப் போட்டோமா? தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றா? எது சேர்ந்தது, எது சேராதது என்று சொன்னோமா?
4. தேதியும் கிழமையும் காலண்டரோடு பொருந்துகிறதா? மாதம் எழுத்தில் இருக்கிறதா?
5. இணைப்பைத் திறந்து பார்த்தோமா? பழைய கம்பெனிப் பெயரோ, உறுப்பினர் விவரமோ அதில் இல்லையே?
6. எழுதாத ஒருவர் படித்து நாலு கேள்விக்கும் பதில் சொன்னாரா?
7. பொருள் வரியைப் படித்தால் மட்டுமே விஷயம் புரிகிறதா? கடிதத்தின் அடியில் பழைய பேச்சு தொங்கவில்லையே?
8. இப்போது முகவரி. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அனுப்பிய பின் அரை நிமிஷம் காத்திருக்கவும்.